சகலன் கடை ரீலில் ஒரு கதிரை

என் மனைவி எடுத்த முதல் ரீல் என்னுடைய கடையைப் பற்றியதல்ல. அவளுடைய தங்கையின் கணவர், அதாவது என் சகலன், உப்புவெளிப் பக்கம் புதிதாகத் திறந்த கடையைப் பற்றியது. அவரும் வாகனம் கழுவுகிறவர், நானும் வாகனம் கழுவுகிறவன். வித்தியாசம் என்னவென்றால், நான் கழுவுவதற்குப் பெயர் கழுவுதல். அவர் செய்வதற்குப் பெயர் டீட்டெய்லிங்.

என் இடம் உட்துறைமுக வீதியில் இருக்கிறது. பின்பக்கத்து மதிலுக்கு அப்பால் குடாக்கடல். கடற்காற்று என் தொழிலுக்குப் பாதி வேலையைக் கொண்டுவந்து தரும். ஒரு நாள் நிறுத்திவைத்த வாகனத்தின் கண்ணாடியை விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். கோயிலுக்கு வந்து திரும்புகிற வான்கள், மூதூர்ப் பக்கமிருந்து சேற்றோடு வருகிற பிக்கப்புகள், கந்தோருக்குப் போகிறவர்களின் கார்கள் என்று வந்துகொண்டேயிருக்கும். முதலில் வந்தவர் முதலில் நிற்பார். மற்றவர்கள் வீதியோரம் வரிசையில் நிற்பார்கள். பக்கத்து டயர் கடைக்காரர் அவர்களோடு அரசியல் கதைப்பார். எனக்கு அந்த வரிசை பெருமையாக இருந்தது. ஆட்கள் காத்திருந்தால்தான் கடை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சகலன் கடை திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் மனைவி என்னிடம் கேட்டாள்.

"இஞ்சேரப்பா, நான் இஞ்ச ஒரு வீடியோ எடுக்கட்டா? ஊத்தைக் கார் வந்து பளபளவெண்டு போறதை எடுத்துப் போட்டால் ஆக்கள் பாப்பினம்."

"வாகனம் கழுவுறதில என்ன படம்? எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் வருகினம். அது காணும்," என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

சகலன் வளைகுடா நாடொன்றில் பல வருடம் கார்களுக்கு மினுக்கம் போடுகிற கடையில் வேலை செய்தவர். திரும்பி வந்தபோது இங்கே புதிய வாகனம் இறக்குமதியாவது நின்றிருந்தது. கையில் இருக்கிற பழைய காரை எல்லோரும் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்த காலம். சரியான நேரத்தில் சரியான தொழிலைத் தொடங்கினார். திறப்பு விழாவுக்கு நான் போய்ப் பால் காய்ச்சுவதற்கும் நின்றேன். வாழ்த்தும் சொன்னேன். அப்போது எனக்குப் பொறாமை இருக்கவில்லை. அவருடைய கடையில் ஒரு வாகனமும் இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி போனைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"இதைப் பாருங்கோ. நான் எடுத்தது."

முதல் நொடியிலேயே கண்ணாடி மாதிரி மினுங்குகிற கார் ஒன்று வந்தது. அடுத்த நொடி அதே கார், சீனன்குடாப் பக்கத்துச் சாம்பல் தூசியோடு, அடையாளம் தெரியாமல் நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். வெள்ளை நுரை மேலிருந்து வழிந்து இறங்கியது. சகலன் ஒரு எறும்பைப் போலக் காரைச் சுற்றி ஓடினார். பொனற் மூடியின் நடுவில் நீல ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி ஒரு பாதியை மட்டும் மெஷினால் மினுக்கினார். நாடாவை உரித்தபோது ஒரு பக்கம் பழைய கார், மற்றப் பக்கம் புதுக் கார். அந்த இடத்தில் மட்டும் படம் மெதுவாக ஓடியது. பிறகு மறுபடியும் ஓட்டம். கடைசியில் மூன்று வரி எழும்பின. சில்வர் என்றால் நுரைக் கழுவலும் உள்ளே தூசி உறிஞ்சுவதும். கோல்ட் என்றால் அதோடு ஊத்தையை இழுக்கிற களிக்கட்டியால் பெயின்ரைத் தடவி எடுத்து, மெஷினில் மினுக்கி, மெழுகு போட்டு, சீற்றுகளைச் சாம்பூ போட்டுக் கழுவுவது. பிளாட்டினம் என்றால் செரமிக் பூச்சு. காரை ஓரிரவு விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்குக் கீழே இந்த வாரத்தில் எந்த நாளில் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்று பச்சைப் பெட்டிகளில் போட்டிருந்தது.

அரை நிமிடம்கூட இல்லை. எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா ஒரு நாள் வேலையை இப்படிக் காட்டினால் ஆக்கள் பத்து நிமிசத்தில முடியும் எண்டு நினைப்பினம்."

"அதுக்குத்தான் பக்கேஜுக்குப் பக்கத்தில எத்தினை மணித்தியாலம் எண்டு எழுதியிருக்கிறன். நீங்கள் பாக்கேல்ல."

திரும்பப் பார்த்தேன். எழுதியிருந்தது.

அந்த ரீல் ஊரெல்லாம் சுற்றியது. கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் கார்கள் உப்புவெளிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். என் கடையில் வரிசையில் நிற்கிறவர்கள் அதை என்னிடமே காட்டினார்கள். "இது உங்கட சொந்தக்காரர்தானே?" என்பார்கள். "ஓம்" என்பேன். "உங்களிட்ட கோல்ட் இல்லையோ?" என்பார்கள். நான் கேட்காதது போலப் பம்பைப் போடுவேன்.

அந்த ரீலை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கம். பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். டயர் துடைத்த துணியால் கதவைத் துடைக்கிறாரோ என்று ஒரு இடத்தில் சந்தேகம் வந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். துணிகள் வேறு வேறு நிறம். வாளியும் இரண்டு வைத்திருந்தார், ஒன்று சவர்க்காரத் தண்ணீர், மற்றது கையுறையை அலசுகிற தண்ணீர். மண் அடியில் தங்குவதற்கு வாளிக்குள் வலைத்தட்டும் போட்டிருந்தார். பிழை கிடைக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது ரீலில் வந்த வெள்ளைக் காரை நான் உடனே அடையாளம் கண்டேன். நம்பர் தகட்டை மறைத்திருந்தாலும், பின் கதவில் உள்ள நெளிவு எனக்குத் தெரியாதா? அது காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவருடைய கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்து, பத்திரிகையை முழுதாக வாசித்து முடித்து, காரைக் கழுவிக்கொண்டு போகிறவர். சில வாரமாக ஆளைக் காணவில்லை. சுகமில்லையாக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கார் என் மனைவியின் படத்தில் நுரைக்குள் குளித்துக்கொண்டிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் சொன்னேன்: "நீர் என்ர ஆக்களை அங்க அனுப்பிறீர்."

அவள் கோபப்படவில்லை. "நான் ஆரையும் அனுப்பேல்ல. நான் உங்களிட்டத்தான் முதல் கேட்டனான். நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள். தம்பி ஓம் எண்டார். அவ்வளவுதான்."

சகலனைத்தான் அவள் தம்பி என்பாள். அந்த 'ஓம் எண்டார்' என்பது என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் சனிக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போவதும், வந்தபின் காதில் கருவியைச் செருகிக்கொண்டு போனில் படத்தை வெட்டி ஒட்டுவதும், யாரோ எழுதியதை வாசித்துத் தனக்குள் சிரிப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் யாரும் என்னைப் பாராட்டாவிட்டால் பரவாயில்லை. என் வீட்டுக்குள் இன்னொருவருடைய கடையைப் பற்றிச் சிரிப்பு நடக்கிறதே என்றுதான் நெஞ்சு எரிந்தது.

டயர் கடைக்காரரும் கடைசியில் அங்கே போக முடிவு செய்தார். என்னிடம் சங்கடத்தோடுதான் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ. மகளின்ர சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். கார் கொஞ்சம் புதுசா இருந்தால் நல்லது. நீங்கள் மினுக்கிறதில்லைத்தானே."

"போங்கோ, எனக்கென்ன," என்றேன்.

அவர் ரீலில் இருந்த இலக்கத்துக்குச் செய்தி அனுப்பி, வந்த பதிலை என்னிடம் காட்டினார். 'வணக்கம் அண்ணை. சனிக்கிழமை ஒன்பது மணி ஸ்லொட் உங்களுக்கு வைக்கிறம். கோல்ட் பக்கேஜ் முடியப் பின்னேரமாகும். காருக்குள்ள இருக்கிற சாமானை எடுத்துவிட்டுக் கொண்டுவாங்கோ. மழை வந்தாலும் கூரைக்குக் கீழதான் வேலை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.'

'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.' எனக்குக் காய்ச்சல் வரும்போதும், பம்ப் பழுதாகும்போதும், வரி கட்டக் கடிதம் வரும்போதும் என் மனைவி சொல்கிற வார்த்தை அது. என் சொந்தச் சொத்து என்று நினைத்திருந்தேன். ஊரில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது போய்க்கொண்டிருக்கிறது. முன்பதிவைச் சகலன்தான் பார்க்கிறார் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

"சனிக்கிழமை உங்களுக்கு லொறி டயர் வருகுது எண்டு சொன்னீங்கள்," என்றேன். "நான் காரைக் கொண்டு போய் விடுறன்."

"உங்களுக்கேன் கரைச்சல்?"

"கரைச்சல் ஒண்டுமில்ல."

சனிக்கிழமை என் கடையை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு, டயர் கடைக்காரரின் காரை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். என் மனைவி அதற்கு முன்பே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தாள். முக்காலியில் போனைப் பூட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் ஒரு கணம் கை நின்றது.

"ஒன்பது மணி டயர் கடை அண்ணையின்ர," என்றாள்.

"அவருக்கு வேலை. நான் கொண்டு வந்தனான்."

"இருந்து எடுத்துக்கொண்டு போறீங்களா, விட்டிட்டுப் போறீங்களா?" வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரல்.

"இருக்கிறன்."

"அப்ப அந்த மூலைக் கதிரையில இருங்கோ. படம் எடுக்கலாமா எண்டு அண்ணையிட்ட முதலே கேட்டிட்டன். நம்பரை மறைப்பம்."

சகலன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவருடைய மரியாதையும் எனக்குக் குத்தியது. வேண்டாம் என்றேன். கொண்டுவந்து தந்தார்.

நான் அன்று பார்த்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனைவி கார் முழுதாகத் தெரிகிற இடத்தில் முக்காலியை வைத்து, அதன் கால்களைச் சுற்றி வெண்கட்டியால் கோடு போட்டாள். யாராவது தட்டினாலும் அதே இடத்தில் திரும்ப வைப்பதற்கு. திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டினாள். முகில் வந்து போகும்போது படம் மின்னி மின்னிப் போகாமலிருக்க அப்படிச் செய்ய வேண்டுமாம். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும் என்று போனின் இணைப்பை அணைத்து, சார்ஜரையும் செருகினாள். பிறகு போனுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்துகொண்டு, இன்னொரு போனில் வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை ஒரு வேலைத்தளத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

சகலன் கழுவி முடித்து, களிக்கட்டியை வழுக்கு நீர் தெளித்த பெயின்ரின் மேல் மெதுவாக இழுத்தார். உப்பும் தூசியும் களியில் மண்ணிறமாக ஒட்டின. கறுப்புப் பிளாஸ்ரிக் ஓரங்களுக்கு நாடா ஒட்டிவிட்டு மெஷினை எடுத்தார். ஒரு இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, இந்தக் கதவில உள்ள கீறல் ஆழம். நகம் மாட்டுது. கோல்ட்ல இது முழுசாப் போகாது. மங்கும். கூட மினுக்கினால் பெயின்ர் மெல்லிசாப் போயிடும். டயர் கடை அண்ணையிட்ட சொல்லுங்கோ, பிறகு நான் ஏமாத்தினன் எண்டு நினைக்கக் கூடாது."

நகத்தால் தடவிப் பார்த்தேன். மாட்டியது. சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

பக்கத்துப் பகுதி, வேலைப் பெடியன்கள் கழுவல் மட்டும் செய்கிற இடம். அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வாகனம் வந்து போனது. யாரும் காத்திருக்கவில்லை. வந்தார்கள், விட்டார்கள், சொன்ன நேரத்துக்கு எடுத்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் நொத்தாரிசு.

அவர் என்னைக் கண்டு திகைத்தார். நானும் எழும்பிவிட்டேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கடற்கரையில் சந்தித்துக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"நீங்களும் இங்கயா?" என்றார்.

"ஓம். ஒரு ஆளின்ர கார்."

"குறை நினையாதேங்கோ," என்றார் அவரும். "உங்கட கழுவல்ல குறையில்லை. ஞாயிறு விடியக் காலமை முழுக்க உங்கட வரிசையில போகுது. பேப்பரை விளம்பரம் வரைக்கும் வாசிச்சு முடிச்சிடுவன். இங்க நேரம் சொல்லிப்போட்டால் அந்த நேரத்துக்கு வந்தால் காணும். மனுசிக்கும் சந்தோசம்."

அவர் சில்வர்தான் எடுத்திருந்தார். சில்வர் என்பது நான் செய்கிற வேலைதான். நுரை, தண்ணீர், தூசி உறிஞ்சுதல். மினுக்கத்துக்காக அவர் போகவில்லை. வரிசையில் நிற்க ஏலாமல் போயிருக்கிறார். நான் பெருமைப்பட்ட அதே வரிசை. இதைக் கேட்டால் பொறாமை அடங்க வேண்டும். எனக்கு அது கூடியது. ஏனென்றால் அந்த நேர ஒழுங்கைப் போட்டது சகலன் அல்ல, ஸ்டூலில் இருந்து போனில் தட்டிக்கொண்டிருந்தவள்.

பின்னேரம் வேலை முடிந்து காரைக் கொண்டுபோய் விட்டபோது டயர் கடைக்காரருக்கு அது தன்னுடையதா என்று சந்தேகம் வந்தது. கீறலைப் பற்றிச் சொன்னேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் கீறலையா பாக்கப்போகினம்," என்று சிரித்தார்.

சில நாள் கழித்து, மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, மனைவி முன்னால் வந்து இருந்தாள். போன் கையில் இருந்தது.

"சனிக்கிழமை எடுத்ததை வெட்டிட்டன். போட முதல் நீங்கள் பாக்க வேணும்."

"ஏன் நான்?"

"நீங்கள் இருக்கிறீங்கள் அதில."

பார்த்தேன். கார் நடுவில் நின்றது. சகலன் சுற்றிச் சுற்றி ஓடினார். நுரை வந்தது, போனது. வெயில் நிலத்தில் ஒரு பாயைப் போல நகர்ந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், மூலைக் கதிரையில், ஒரு மனிதர் எழும்பினார், இருந்தார், எழும்பினார், கையைக் கட்டினார், நடந்தார், இருந்தார், மறுபடி எழும்பினார். சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருந்தது. அவர் காரைப் பார்க்கத்தான் எழும்புகிறார் என்று முதலில் நினைத்தேன். எனக்கும் அப்படித்தான் நினைவு. பிழை பிடிக்கத்தானே போனேன்.

"இன்னொருக்காப் பாருங்கோ," என்றாள். "முகத்தைப் பாருங்கோ."

இரண்டாம் தடவை காரை விட்டுவிட்டு அந்த மனிதரை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அவருடைய முகம் நேரே போனை நோக்கித் திரும்பியது. கார் பக்கம் ஒன்றிரண்டு தடவைதான். மற்றதெல்லாம் போனை நோக்கி. போனுக்குப் பின்னால் ஸ்டூலில் யார் இருந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நாள் முழுக்க என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்," என்றாள்.

போனை அவளிடம் நீட்டினேன். "நீர் அங்க என்ன செய்யிறீர் எண்டு பாத்தனான்."

"கலியாணம் கட்டின காலத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் பாத்ததில்ல."

இதை அவள் குறையாகச் சொன்னாளா, பகிடியாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு, "உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் அந்த மூலையை வெட்டிப்போடுறன். ஓரத்தால சுருக்கினால் தெரியாது," என்றாள்.

"வெட்டினால் ரீல் நல்லா இருக்குமோ?"

"கார் நல்லா இருக்கும். ஆனா வெறுமையா இருக்கும்."

"அப்ப போடும்," என்றேன்.

போட்டாள். முதல் ரீலை விட இது கூடுதலாக ஓடியது. கீழே எழுதியவர்கள் காரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். 'மூலையில இருக்கிற அண்ணைக்கு என்ன பிரச்சினை?' என்று ஒருவர். 'காரின்ர சொந்தக்காரர், நெஞ்சு பதைக்குது,' என்று இன்னொருவர். 'பிளாட்டினம் எடுத்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.' சந்தைக்குப் போனால் மீன் விற்பவர் சிரித்தார். என் கடையில் ஒரு பெடியன் நான் எழும்பி எழும்பி இருந்ததை அப்படியே செய்து காட்டினான். நான் சிரிப்பது போலக் காட்டிக்கொண்டேன். ஆனாலும் ஒரு கணக்கு எனக்குள் ஓடியது: இந்த ரீல் ஓடுவதற்குக் காரணம் சகலனுடைய மெஷின் அல்ல, நான். அதில் ஒரு அற்ப சந்தோசம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கிழமைக்குப் பிறகு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"எங்கட இடத்திலயும் ஒண்டு எடுப்பமா?"

அவள் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நாள் பாத்துச் சொல்லுறன். சனிக்கிழமை ஏலாது, தம்பியின்ர. வியாழக்கிழமை பத்து மணி இருக்கு."

பகிடி என்று நினைத்தேன். பகிடியில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்குத்தான் முக்காலியோடு வந்தாள்.

கோல்ட் என்றும் பிளாட்டினம் என்றும் போடச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களிட்ட மெஷின் இல்ல, கூரை அரைவாசிதான். இல்லாததைப் போட்டால் கேட்டுக்கொண்டு வாற ஆளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்." இரண்டு பக்கேஜ்தான் வைத்தாள்: வெளிக்கழுவல், வெளியும் உள்ளும். கீழே நேரப் பெட்டிகள். இரண்டு வாகனத்துக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டாள். "ஒண்டு பிந்தினால் மற்றதும் பிந்தக் கூடாது," என்றாள். நேரம் சொல்லாமல் வருகிற கோயில் வான்களுக்கு ஒரு பக்கத்தை அப்படியே விடச் சொன்னேன். அதற்கு ஒத்துக்கொண்டாள்.

சேறு அப்பிய பிக்கப் ஒன்றை எடுத்தோம். மூதூரிலிருந்து வந்தது. சக்கர வளைவுக்குள்ளிருந்து சேறு கட்டி கட்டியாக விழுவதும், பின்னால் குடாக்கடலில் ஒரு கப்பல் மெல்ல நகர்ந்து படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்குப் போவதும் அதில் விழுந்திருந்தன. அது சகலனுடைய ரீல்களில் இல்லாதது. எனக்குப் பிடித்திருந்தது. பார்த்தவர்கள் தொகை சகலனுடையதில் ஒரு மூலைக்கும் போதாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைப் பெட்டிகள் நிறைந்துவிட்டன. நொத்தாரிசு எட்டு மணிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். மெழுகு போட மட்டும் உப்புவெளிக்குப் போகிறார். எனக்கு வருகிற கீறல் கார்களை நான் சகலனிடம் அனுப்புகிறேன். அவருக்கு நேரமில்லாத வெறும் கழுவல்கள் என்னிடம் வருகின்றன. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒற்றுமையான சகலன்மார்.

வீதியோரத்து வரிசை குறைந்துவிட்டது. டயர் கடைக்காரருக்கு அரசியல் கதைக்க ஆள் இல்லை என்று குறை. மகளுக்குச் சம்பந்தம் சரிவந்த சந்தோசத்தில் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. காலையில் எழும்பினால் முதலில் சகலனுடைய ரீலை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன், பிறகுதான் என்னுடையது. போன கிழமை அவருடைய கடைக்கு அவள் எடுத்த படத்தில் ஒரு வெட்டு மிக அழகாக இருந்தது. நுரை விழுகிற கணத்தில் கார் நிறம் மாறும். "இதை ஏன் என்ர ரீல்ல செய்யேல்ல?" என்று கேட்டேன். "அப்ப எனக்குத் தெரியாது. இப்பதான் பழகினனான்," என்றாள். அடுத்த தடவை எனக்குச் செய்து தருவதாகச் சொன்னாள். எந்தக் கிழமை என்று கேட்டேன். போனைத் திறந்து பெட்டிகளைப் பார்க்கத் தொடங்கினாள்.